இணையம் இல்லாத காட்டில் சமஉயரக்கோட்டு வரைபடம்: கைப்பேசியில் அமைப்பதும் படிப்பதும்

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைக் கடந்து, வெள்ளகவி கிராமம் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய நடைபாதையை இந்த விளக்கத்திற்கு எடுத்துக்கொள்கிறேன். கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும், அடிவாரத்தில் உள்ள பெரியகுளம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலும் இருக்கின்றன. இடையில் உள்ள சரிவை உட்கார்ந்த இடத்திலேயே கண்ணால் காண உதவுவது சமஉயரக்கோட்டு வரைபடம்தான்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செயலியில் ஒரு பாதை தெரிவதால் அதில் நடக்க அனுமதி உண்டு என்று பொருள் கொள்ளக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நேர்ந்த காட்டுத்தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாக்கப்பட்டன. எனவே எந்த வனப்பாதையாக இருந்தாலும் முதலில் வனத்துறையிடம் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

முதல் படி, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்வது. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது Organic Maps. இது கட்டணமோ விளம்பரமோ இல்லாதது. தன்னார்வலர்கள் வரையும் OpenStreetMap தரவைப் பயன்படுத்துவது. OsmAnd இதைவிட வசதிகள் மிகுந்தது என்றாலும், அதில் சமஉயரக்கோடுகள் தனிக் கோப்பாக வருவதால் முதல் பயணத்திற்கு அது சற்றுச் சிக்கலாகத் தோன்றலாம். செயலியை நிறுவியதும் வரைபடப் பட்டியலில் இந்தியாவைத் திறந்து தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் எல்லையை ஒட்டி நடப்பவர்கள் கேரளத்தையும் சேர்த்தே இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முகட்டுக்கு அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் தெரியும்.

இரண்டாம் படி, வரைபடத்தின் ஓரத்தில் உள்ள அடுக்குகள் பொத்தானைத் தொட்டுச் சமஉயரக்கோடுகளை இயக்குவது. பிறகு கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, செயலியை முழுவதுமாக மூடி, மீண்டும் திறந்து, போகவிருக்கும் மலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகளும் எண்களும் அப்போதும் தெரிந்தால் வரைபடம் உண்மையாகவே கைப்பேசிக்குள் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் கிளம்பி, மலையடிவாரத்தில் சாம்பல் நிறத் திரையைப் பார்த்து நின்ற அனுபவம் எனக்கே உண்டு.

மூன்றாவதாகக் கோடுகளைப் படிக்க வேண்டும்; நேரத்தை இதில்தான் செலவிட வேண்டும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பது ஒரு கோடு. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்தானது, விலகினால் மிதமானது. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் என்பதை நீங்களே கணக்கிடலாம். எண் எழுதப்பட்ட இரு கோடுகளில் ஒன்றில் 1600 என்றும் மற்றொன்றில் 1700 என்றும் இருந்து, இடையே பத்து இடைவெளிகள் இருந்தால், ஓர் இடைவெளிக்கு 10 மீட்டர். வரைபடத்தைச் சிறிதாக்கும்போது செயலி சில கோடுகளை மறைத்துவிடும். அதனால் செங்குத்தான சரிவுகூடச் சாதுவாகத் தோன்றும். சரிவை மதிப்பிடும்போது எப்போதும் ஒரே அளவில் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

கோடுகள் V வடிவில் வளையும் இடங்களைக் கவனியுங்கள். V-யின் முனை உயரமான பக்கத்தை நோக்கியிருந்தால் அது ஓடை ஓடும் பள்ளம். தாழ்வான பக்கத்தை நோக்கியிருந்தால் அது முகட்டின் தோள். பாதை பள்ளத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துவைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் வழிமறிக்கும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

வரைபடத்தில் உள்ள பாதைக் கோடு யாரோ ஒருவர் வரைந்தது அல்லது யாரோ ஒருவரின் கைப்பேசி பதிந்தது. அதில் பிழை இருக்கலாம். அந்தப் பிழையைக் காட்டிக்கொடுப்பவை சமஉயரக்கோடுகளே. நெடுங்காலமாகச் சாலை இல்லாத வெள்ளகவிக்கு அரிசியும் எரிவாயு உருளையும் குதிரை முதுகில் போய்ச் சேர்ந்தன. சுமையோடு குதிரை ஏறும் பாதை செங்குத்தான சரிவில் நேராக ஏறாது. சமஉயரக்கோடுகளைச் சாய்வாக வெட்டி, ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி, மறுபடியும் சாய்வாக வெட்டும். அதற்கு மாறாக, நெருங்கி நிற்கும் பத்துக் கோடுகளை ஒரு பாதை நேர்க்கோடாக வெட்டிச் சென்றால், அது பெரும்பாலும் அடர்ந்த மரங்களுக்கிடையே தாவிய ஜிபிஎஸ் பதிவாகவோ, குறுக்கே இறங்கிப் பார்த்த துணிச்சல்காரரின் தடமாகவோதான் இருக்கும். அத்தகைய இடத்தைச் சிவப்புக் குறியிட்டு வைத்து, உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

சமஉயரக்கோடுகளுக்கும் எல்லை உண்டு. இத்தகைய செயலிகளின் உயரத் தரவு பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்டது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளிதான் அதில் உண்டு. அடர்ந்த சோலையில் அந்த ரேடார் தரையை முழுதாகத் தொடாமல் மரக்கூரையை ஒட்டியே அளந்திருக்கும். எட்டு மீட்டர் உயரப் பாறைச் சுவர் ஒன்று இரு கோடுகளுக்கு நடுவே அடையாளமே இல்லாமல் ஒளிந்திருக்கவும் கூடும். கோடுகள் நெருங்கியிருந்தால் ஆபத்து உறுதி. விலகியிருப்பதால் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நான்காம் படி, நேரக் கணக்கு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தொலைவில் 600 மீட்டர் ஏற வேண்டுமானால், நடைக்கு 72 நிமிடம், ஏற்றத்திற்கு 60 நிமிடம், ஆக 2 மணி 12 நிமிடம். இது பழகியவரின் வேகம். முதுகுப்பையோடு வரும் புதியவர்கள் பாதியளவு கூட்டி, 3 மணி 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். இறங்கித் திரும்பி ஏறும் பயணத்தில் ஏற்றம் பிற்பகலில் வரும் என்பதால், திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, புறப்படும் நேரத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

ஐந்தாம் படி, பாதை தொடங்கும் இடத்தில் செய்ய வேண்டியது. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. ஆனால் இணையம் இல்லாதபோது செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். எனவே மரநிழலுக்குள் நுழையுமுன் வெட்டவெளியில் நின்று, நீலப்புள்ளி நிலைபெற்ற பிறகு நடையைத் தொடங்குங்கள். விமானப் பயன்முறையிலேயே நடந்தால், கோபுரத்தைத் தேடித்தேடிக் கைப்பேசி மின்கலத்தைத் தீர்க்காது. புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் திடீரென்று விரிந்தாலோ, நீங்கள் நின்றிருக்கும்போதே புள்ளி நகர்ந்தாலோ, அந்த நேரத்தில் அதை நம்பாதீர்கள். ஓடைப்பள்ளங்களில் இது வழக்கம். முகட்டுக்கோ திறந்த வெளிக்கோ வந்ததும் ஓரிரு நிமிடம் நின்று மீண்டும் பாருங்கள்.

திரையில் தெரியும் உயரம் வரைபடக் கோட்டோடு பொருந்தவில்லை என்று பலர் குழம்புவார்கள். செயற்கைக்கோள் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. பூமிக்காகக் கற்பித்துக்கொண்ட ஒரு சீரான நீள்கோளப் பரப்பிலிருந்து அளந்தது. நம் பகுதியில் உண்மையான கடல்மட்டம் அந்தப் பரப்பைவிடச் சுமார் 90 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. இந்த வேறுபாட்டைத் திருத்தாத செயலி, 2,000 மீட்டர் உயரத்தில் நிற்பவரிடம் 1,910 என்று காட்டும். கன்னியாகுமரிக் கடற்கரையில் நிற்பவரையோ கடலுக்கடியில் இறக்கிவிடும். தொடக்கப் புள்ளியில் கோட்டின் எண்ணையும் திரையின் எண்ணையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டால், அன்று முழுவதும் அதையே கூட்டிப் படிக்கலாம்.