ஆடி மாசம் அவசரச் செலவு அல்ல

என் தம்பி கல்யாண போட்டோகிராஃபர். உதவியாள் சம்பளம், ஆல்பம் பிரிண்ட் எல்லாம் போக ஒரு வருஷத்தில் கைக்கு வந்தது 3,72,000 ரூபாய். மாசத்துக்கு 31,000 என்று வகுத்து, அதற்கேற்ற வாடகையில் வீடு பார்த்தான். முதல் தவறு அதுதான். வைகாசியிலும் ஆவணியிலும் 55,000 வந்தது. முகூர்த்தமே இல்லாத ஆடியில் வந்தது 6,000, புரட்டாசியிலும் மார்கழியிலும் எட்டெட்டாயிரம். சராசரி வருமானம் எந்த மாசமும் அவன் கையில் இருந்ததில்லை.

வாடகை, மளிகை, பால், கரண்ட், பள்ளிக் கட்டணத்தில் மாசப் பங்கு எல்லாம் கூட்டினால் அந்த வீட்டுக்கு 24,000 போதும். இப்போது வருமானம் முழுக்கத் தனிக் கணக்கில் விழுகிறது. அதிலிருந்து 1ஆம் தேதி 24,000 மட்டும் வீட்டுக்கு வரும், வைகாசியானாலும் ஆடியானாலும் அதேதான். அட்வான்ஸை மட்டும் வருமானத்தில் சேர்ப்பதில்லை. ஆல்பம் கொடுத்து முடிக்கும்வரை அது பாதி பிரிண்ட்காரர் பணம்.

இரண்டாவது தவறுதான் அவனை ரொம்பப் படுத்தியது. ஆடியில் துண்டு விழுந்ததும் அவசர நிதியில் கைவைப்பான். வருஷா வருஷம் காலண்டரில் போட்டு வருகிற மாசம் எப்படி அவசரமாகும்? அந்த 24,000-க்குக் குறைவது ஆடியில் 18,000, புரட்டாசி, மார்கழியில் 16,000 வீதம், ஆக 50,000. இதை முகூர்த்த மாசங்களிலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். அவசர நிதி, கை முறிந்தால், கேமரா திருடு போனால் தொடுவதற்கு.

அந்த நிதிக்கு இலக்கு வைப்பதிலும் சறுக்கினான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு வருஷ வருமானத்தையே இலக்காக வைத்து, எட்டாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டான். கணக்குப் போட வேண்டியது வருமானத்தை அல்ல, கஷ்ட காலத்தில் தவிர்க்கவே முடியாத செலவை. டியூஷனையும் வெளிச் சாப்பாட்டையும் நிறுத்தினால் 20,000. ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் வீடு, அதனால் ஆறு மாசத்துக்கு 1,20,000. மூன்று மாசம் போதாதா என்று கேட்டான். வைகாசியில் கை முறிந்தால் வைகாசி, ஆனி வருமானம் போகும், அடுத்து ஆடி எப்படியும் காலி. ஆடிக்கு ஒதுக்கும் பணமும் வைகாசி, ஆனியில்தானே சேர வேண்டும்! மனைவிக்கு மாசச் சம்பளம் இருந்தால் நான்கு மாசத்துக்கு இறக்கலாம். வீட்டுக்குப் போக வருஷத்தில் 84,000 மிஞ்சுகிறது, ஒன்றரை வருஷத்தில் இலக்கு நிறைந்துவிடும். ஆஸ்பத்திரி பில்லை இது தாங்காது, அதற்கு மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும்.

பணத்தைச் சீட்டில் போட வேண்டாம், கேட்ட நாளில் கைக்கு வராது. ஒரு மாசப் பணம் சேமிப்புக் கணக்கில், மீதியை இருபதாயிரம் இருபதாயிரமாக ஐந்து வைப்பு நிதி. தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற நான்கின் வட்டி குறையாது.