ஏழேகால் மணி கம்பெனி பஸ்ஸுக்கு முன் இருபது நிமிட வெளிச்ச நடை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் வேலைக்குச் செல்லும் என் நாத்தனார், காலை ஐந்து மணிக்கு எழுந்து மொட்டை மாடியில் அரை மணி நேரம் தவறாமல் நடப்பவர். அப்படியிருந்தும் பதினொரு மணிக்குள் காரணமில்லாத எரிச்சலும், இரவில் பன்னிரண்டு வரை தூக்கம் வராத தவிப்பும் அவரை விடவில்லை. அவர் நடந்ததில் குறையில்லை. இருட்டில் நடந்ததுதான் சிக்கல்.

நடையும் வெளிச்சமும் மனநிலையை இரு வேறு வழிகளில் தொடுகின்றன. பத்து நிமிடம் விரைவாக நடந்தாலே உற்சாகம் சற்று உயர்வதை அன்றைக்கே உணரலாம். வெளிச்சம் அப்படி உடனே பலன் தருவதில்லை. கண்ணின் விழித்திரையில் உருவங்களைக் காண்பதற்கன்றி, வெளிச்சத்தின் அளவை மூளைக்குத் தெரிவிப்பதற்கென்றே சில செல்கள் உள்ளன. 2002-இல் டேவிட் பெர்சன் குழுவினர் எலிகளிடம் இவை தாமாகவே ஒளியை உணர்வதைக் காட்டினர். இவை அனுப்பும் செய்தியைக் கொண்டுதான் மூளையிலுள்ள உடற்கடிகாரம் காலை எது என்று முடிவுசெய்கிறது. பெரும்பாலோருக்கு அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுவதால், காலை வெளிச்சம் அதைத் தினமும் முன்னே தள்ளிவிட வேண்டியிருக்கிறது. தள்ளாவிட்டால் தூக்கம் பின்னுக்குப் போகும். தூக்கம் குறைந்த மனம் எதற்கும் சிடுசிடுக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் இலவசச் செயலிகள் கைபேசியில் கிடைக்கின்றன. அவை துல்லியமானவை அல்ல. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். டியூப் லைட் எரியும் எங்கள் சமையலறையில் 140 என்றும், வாசற்படியில் 900 என்றும், சூரியன் எழுந்து அரை மணி கழிந்த தெருவில் 5,000-க்கு மேலும் காட்டியது. நம் கண் வெகு விரைவாகப் பழகிக்கொள்வதால், இத்தனை மடங்கு வேறுபாடு நமக்குத் தெரிவதே இல்லை. மேகமூட்டமான நாளிலும் வெளியில் இருப்பது, வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சமாகத்தான் இருக்கும்.

அடுத்து, சூரிய உதயத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள்

கிருஷ்ணகிரியில் ஜூன் தொடக்கத்தில் 5.50-ஐ ஒட்டியும், ஜனவரி இறுதியில் 6.40-ஐத் தாண்டியும் சூரியன் உதிக்கிறது. உதித்த கணத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. இருபது முப்பது நிமிடம் கழிந்த பிறகே அது வலுப்பெறும்.

பிறகு, புதிய நேரம் தேடாமல் இருக்கும் பயணத்திலேயே நடையைச் செருகுங்கள்

நாத்தனாரின் பஸ் 7.15-க்கு வீட்டருகே வரும். காய்களை இரவே நறுக்கி வைத்துவிட்டு, காலை மாடி நடையையும் கைவிட்டதால், அவரால் 6.50-க்கே கிளம்ப முடிந்தது. வீட்டருகே ஏறாமல், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து செல்கிறார். நிமிடத்துக்கு நூறு எட்டுகளுக்குக் குறையாமல், அதாவது பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடந்தால் பதினேழு பதினெட்டு நிமிடம் ஆகிறது. ஜனவரிப் பனிமூட்டத்தில் 6.50-க்கு வெளிச்சம் போதாது என்பதால், அந்த மாதங்களில் மட்டும் ஓசூரில் இறங்கியதும் உள்ளே போகாமல் பத்து நிமிடம் வளாகத்தைச் சுற்றி நடக்கிறார்.

தவறும் இடங்கள்

குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சம் குறையும். கருப்புக் கண்ணாடியும் அப்படித்தான். அதற்காகச் சூரியனையே நேராகப் பார்க்கக் கூடாது. முகம் நிமிர்ந்திருந்தால் போதும். பஸ்ஸின் நிறமிட்ட ஜன்னல் வழியே வருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வரை தூங்கினால் கடிகாரம் மறுபடி பின்னுக்குச் செல்லும், திங்கட்கிழமைக் காலையின் கனத்தில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கச் செல்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. வீடு திரும்பும்போது காலை வெளிச்சம் அவர்கள் தூக்கத்தைக் கலைக்கும் என்பதால், கருப்புக் கண்ணாடி அவர்களுக்கே உரியது. இருதுருவ மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெளிச்ச நேரத்தை மாற்றக் கூடாது. அது மிகை எழுச்சியைத் தூண்டக்கூடும். இரண்டு வாரமாக விடாத சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இருந்தால் நடையை நம்பிக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

குறித்து வையுங்கள்

தினமும் பதினொரு மணிக்கு மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணும், இரவு தூக்கம் வந்த நேரமும் காலண்டர் தாளிலேயே எழுதினால் போதும். நாத்தனாரின் தாளில் முதலில் நகர்ந்தது தூக்கம்தான். ஒன்பதாம் நாளில் அது பன்னிரண்டிலிருந்து பத்தே முக்காலுக்கு வந்திருந்தது. மதிப்பெண் நான்கிலிருந்து ஆறானது மூன்றாம் வாரத்தில். இடையில் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் விட்டபோது மீண்டும் நான்கு என்று எழுதி, பக்கத்தில் "மழை அல்ல, நான் நடக்கவில்லை" என்று அவரே குறித்திருக்கிறார்.