தொடர் மின்தடையத்துடன் இணைந்த தெர்மிஸ்டரின் இயங்குபுள்ளியைச் சிறப்பியல்பு வளைவைக் கொண்டு கண்டறிதல்

பினாங்கில் என் வீட்டு மேசையில் ஓர் ஆறாம் படிவ மாணவர் 9 வோல்ட் பவர் சப்ளையுடன் 100 ஓம் மின்தடையத்தையும் ஒரு தெர்மிஸ்டரையும் தொடராக இணைத்திருந்தார். தெர்மிஸ்டரின் மின்தடையை முன்பே மல்டிமீட்டரால் அளந்து 804 ஓம் என்று குறித்து வைத்திருந்ததால், சுற்றில் 9 ÷ 904, அதாவது ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் ஓடும் என்று எதிர்பார்த்தார். இணைத்தவுடன் மீட்டர் 10 என்றுதான் காட்டியது. ஆனால் அது அங்கே நிற்கவில்லை. 12, 15, 19 என்று மெல்ல ஏறி, கடைசியில் 23-ஐ ஒட்டி நின்றது. "சார், தெர்மிஸ்டர் கெட்டுப்போச்சு" என்றார். தெர்மிஸ்டரில் பழுது எதுவும் இல்லை. தன்னுள் ஓடும் மின்னோட்டத்தால் அது சூடாகி, சூடேறியதால் அதன் மின்தடை குறைந்து, குறைந்ததால் இன்னும் கூடுதலான மின்னோட்டம் ஓடி, கடைசியில் உள்ளே பிறக்கும் வெப்பமும் காற்றுக்குப் போகும் வெப்பமும் சமமான இடத்தில் அது நிலைகொண்டது. அந்த இடமே இயங்குபுள்ளி. அதை முன்கூட்டியே வரைபடத்தாளில் கண்டறியும் முறையை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்கொள்ளும் தெர்மிஸ்டர், வெப்பநிலை ஏற ஏற மின்தடை குறையும் என்டிசி வகை. 25 பாகை செல்சியஸில் 1000 ஓம் கொண்ட சிறிய வட்டத்தட்டு வடிவம். பினாங்கில் குளிர்சாதனம் இல்லாத அறையில் காற்று 30 பாகையை ஒட்டி இருக்கும் என்பதால், அதே தெர்மிஸ்டர் இங்கே 804 ஓம் காட்டுகிறது.

முதல் படி: வளைவை அளந்து எடுத்தல்

மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய பவர் சப்ளை, 100 ஓம் 5 வாட் சிமெண்ட் மின்தடையம், தெர்மிஸ்டர் ஆகிய மூன்றையும் தொடராக இணைக்க வேண்டும். மின்னோட்டத்தை அளக்கத் தனி அம்மீட்டர் தேவையில்லை. 100 ஓம் மின்தடையத்தின் இரு முனைகளுக்கு இடையில் 1 வோல்ட் இருந்தால் சுற்றில் 10 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். எனவே ஒரே மல்டிமீட்டரை முதலில் மின்தடையத்தின் மீதும் பிறகு தெர்மிஸ்டரின் மீதும் வைத்து இரண்டு அளவுகளையும் எடுத்துவிடலாம். அம்மீட்டரைத் தவிர்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: மில்லி ஆம்பியர் வரம்பில் மல்டிமீட்டருக்கென்று சில ஓம் உள்தடை இருக்கிறது, அது நமக்குத் தெரியாமலே சுற்றின் மின்தடையோடு சேர்ந்துகொள்ளும்.

பவர் சப்ளையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் எண்கள் நகராமல் நிற்கும் வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் செய்யப்படும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் காத்திருப்பில்தான் நிகழ்கின்றன. பத்து விநாடியில் குறித்த எண், இன்னும் சூடாகிக்கொண்டிருக்கும் தெர்மிஸ்டரின் எண். அது வளைவில் சேராது. ஒரு நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால் மட்டுமே அதை ஏற்க வேண்டும். மேல் மின்விசிறியை அணைத்துவிட்டு, தெர்மிஸ்டரை மேசையில் படாமல் அதன் கம்பிகளிலேயே தொங்கவிட்டு அளப்பது அவசியம். என் அறையில் கிடைத்த அளவுகள் இவை:

| மின்னோட்டம் (மில்லி ஆம்பியர்) | தெர்மிஸ்டர் மின்னழுத்தம் (வோல்ட்) |
|---|---|
| 5 | 3.54 |
| 10 | 5.48 |
| 15 | 6.33 |
| 20 | 6.63 |
| 25 | 6.70 |
| 30 | 6.64 |
| 40 | 6.42 |
| 60 | 5.86 |
| 80 | 5.36 |
| 100 | 4.95 |
| 120 | 4.62 |

25 மில்லி ஆம்பியர் வரை மின்னழுத்தம் ஏறுகிறது. அதற்குப் பிறகு மின்னோட்டம் கூடக் கூட மின்னழுத்தம் இறங்குகிறது. இறங்கும் பகுதியையும் அளக்க முடிந்ததற்குக் காரணம் தொடரில் இருந்த 100 ஓம்தான். அது இல்லாமல் தெர்மிஸ்டரை நேரடியாகப் பவர் சப்ளையில் இணைத்து 6.7 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால், நிற்பதற்கு இடமின்றி அது கருகும் வரை சூடாகிக்கொண்டே போகும். பட்டியலின் கடைசி வரியிலேயே 120 மில்லி ஆம்பியரை 4.62 வோல்ட்டால் பெருக்கினால் 554 மில்லி வாட் வருகிறது. இந்தத் தெர்மிஸ்டர் ஒரு பாகை சூடேற ஏறத்தாழ 6 மில்லி வாட் தேவை என்பதால், அது காற்றைவிட 92 பாகை கூடுதலான சூட்டில், அதாவது 122 பாகையில் இருக்கிறது. இவ்வகைத் தெர்மிஸ்டர்கள் பலவற்றுக்கு 125 பாகைதான் எல்லை. ஆகவே அங்கேயே நிறுத்திக்கொண்டேன். உங்கள் தெர்மிஸ்டரின் எல்லையைத் தரவுத்தாளில் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இரண்டாம் படி: சுமைக்கோட்டை வரைதல்

வரைபடத்தாளில் மின்னோட்டத்தைக் கிடை அச்சிலும் மின்னழுத்தத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து, பட்டியலின் புள்ளிகளை இழைவான கோட்டால் இணையுங்கள். பாடநூல்களில் பெரும்பாலும் அச்சுகள் மாறியிருக்கும். இங்கே இப்படி வைப்பதே வசதி என்று கருதுகிறேன். ஏனென்றால் ஒரு மின்னோட்டத்துக்கு ஒரே ஒரு மின்னழுத்தம்தான் இருக்கிறது, ஆனால் 6 வோல்ட் என்ற ஒரே மின்னழுத்தத்துக்கு இரண்டு மின்னோட்டங்கள் உள்ளன.

இனி மாணவரின் சுற்றுக்கு வருவோம். பவர் சப்ளை தரும் மின்னழுத்தத்தில் ஒரு பங்கு மின்தடையத்தில் விழுகிறது, மீதி தெர்மிஸ்டருக்குக் கிடைக்கிறது:

```
V = E − I × R
V = 9 − I × 100
```

இது ஒரு நேர்கோடு. இரண்டு புள்ளிகள் போதும். மின்னோட்டம் சுழியாக இருந்தால் தெர்மிஸ்டரில் 9 வோல்ட் முழுவதும் இருக்கும். தெர்மிஸ்டரில் மின்னழுத்தமே இல்லாவிட்டால் மின்னோட்டம் 9 ÷ 100, அதாவது 90 மில்லி ஆம்பியர். இந்த இரு புள்ளிகளை அளவுகோலால் இணைத்தால் கிடைப்பது சுமைக்கோடு. வளைவு தெர்மிஸ்டருக்கு உரியது, கோடு மற்ற உறுப்புகளுக்கு உரியது. இரண்டும் ஒரே மின்னோட்டத்தையும் ஒரே மின்னழுத்தத்தையும் ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் சுற்று நிலைகொள்ள முடியும்.

மூன்றாம் படி: வெட்டும் இடத்தை வாசித்தல்

தாளில் கோடும் வளைவும் 23 மில்லி ஆம்பியர், 6.7 வோல்ட் அருகே வெட்டுகின்றன. இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் பட்டியலையே பயன்படுத்தலாம். 20 மில்லி ஆம்பியரில் கோடு 7.00 வோல்ட், வளைவு 6.63, கோடு 0.37 மேலே இருக்கிறது. 25-இல் கோடு 6.50, வளைவு 6.70, கோடு 0.20 கீழே இருக்கிறது. இடைப்பட்ட தொலைவை இதே விகிதத்தில் பிரித்தால் 23.2 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. அதற்கு 100 ஓம் மின்தடையத்தில் விழுவது 2.32 வோல்ட், தெர்மிஸ்டருக்கு மீதி 6.68. இரண்டையும் பெருக்கினால் 155 மில்லி வாட். தெர்மிஸ்டர் ஏறத்தாழ 56 பாகையில் இருக்கிறது. மாணவரின் மீட்டர் வந்து நின்ற எண்ணும் இதுவே.

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெட்டினால்

இப்போது மின்தடையத்தை 22 ஓம் என்று மாற்றி, பவர் சப்ளையை 7.2 வோல்ட்டில் வைத்துக் கோட்டை வரைந்து பாருங்கள். அது மிகக் குறைந்த சாய்வுடன் வளைவின் முதுகை ஒட்டியே சென்று, 23, 55, 112 மில்லி ஆம்பியர் அருகே மூன்று இடங்களில் வெட்டும். மூன்றிலும் சமன்பாடு சரியாகவே இருக்கும், ஆனால் சுற்று மூன்றிலும் நிற்காது.

எதில் நிற்கும் என்பதை அறிய ஒரு நம்பகமான வழி இருக்கிறது. வளைவு, ஒரு மின்னோட்டத்தில் தெர்மிஸ்டர் தன் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளத் தேவையான மின்னழுத்தத்தைச் சொல்கிறது. கோடு, சுற்று உண்மையில் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சொல்கிறது. கோடு வளைவுக்கு மேலே இருக்கும் பகுதியில் தேவைக்கு மிஞ்சிய வெப்பம் பிறப்பதால் தெர்மிஸ்டர் சூடாகி வலப்பக்கம் நகரும். கோடு கீழே இருக்கும் பகுதியில் ஆறி இடப்பக்கம் திரும்பும். 55-ஐ எடுத்துக்கொண்டால், அதற்குச் சற்று வலப்பக்கம் கோடு மேலே இருக்கிறது, இடப்பக்கம் கீழே இருக்கிறது. ஆகவே எந்தச் சிறு அசைவும் சுற்றை அங்கிருந்து விலக்கிவிடும்; அதை மீட்டரில் நிலையாகப் பார்க்கவே முடியாது. 23-உம் 112-உம் நிலையானவை. ஆறிய நிலையில் இணைத்தால் சுற்று இடப்பக்கமிருந்து வந்து முதலில் எதிர்ப்படும் 23-இல் நின்றுவிடும். அதே சுற்றில் தெர்மிஸ்டரை முடி உலர்த்தியால் 85 பாகைக்கு மேல் சூடாக்கிவிட்டால், சூட்டை எடுத்த பின்னும் அது 112-க்குப் போய் அங்கேயே தங்கும்.

வரைவதற்கு இது அழகான எடுத்துக்காட்டு. செய்து பார்ப்பதற்கு ஏற்ற சுற்று அன்று. 23-க்கும் 112-க்கும் இடையில் கோட்டுக்கும் வளைவுக்கும் உள்ள இடைவெளி எங்குமே 0.11 வோல்ட்டுக்கு மேல் இல்லை. பவர் சப்ளை 7.2-க்குப் பதிலாக 7.35 கொடுத்தால் இடப்பக்க வெட்டுகள் இரண்டும் மறைந்து, தெர்மிஸ்டர் 125 பாகையைத் தாண்டிவிடும். இதைத் தவிர்க்க, வளைவு இறங்கும் பகுதியில் மிகச் செங்குத்தான இடத்தைப் பாருங்கள்: 40-க்கும் 60-க்கும் இடையில் 20 மில்லி ஆம்பியருக்கு 0.56 வோல்ட் இறங்குகிறது, அது 28 ஓமுக்குச் சமம். தொடர் மின்தடையம் இதைவிடப் பெரிதாக இருந்தால் கோடு ஒரே இடத்தில்தான் வெட்டும். 33 ஓம் வைத்தாலும் வெட்டு ஒன்றுதான் என்றாலும், கோடு வளைவோடு ஏறக்குறைய ஒட்டியே போவதால் வெட்டும் இடத்தைத் தாளில் உறுதியாக வாசிக்க முடியாது. இறங்கு சாய்வைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத மின்தடையத்தைத் தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன். 100 ஓம் அப்படி வந்ததுதான்.

வளைவு எந்த அறைக்கு உரியது?

நீங்கள் அளந்த வளைவு, அளந்த அறையின் காற்றுக்கு மட்டுமே உரியது. அதே 9 வோல்ட், 100 ஓம் சுற்றைக் குளிர்சாதனம் 24 பாகையில் ஓடும் அறைக்குக் கொண்டுபோனால், ஆறிய தெர்மிஸ்டரின் மின்தடை 1046 ஓமாகவும், வளைவின் உச்சம் 6.7-இலிருந்து 7.5 வோல்ட்டாகவும் உயர்கிறது. சுமைக்கோடு சிறிதும் நகரவில்லை என்றாலும் வெட்டும் இடம் 23-இலிருந்து ஏறத்தாழ 16 மில்லி ஆம்பியருக்கு வந்துவிடுகிறது. மின்விசிறிக் காற்று பட்டால் வெப்பம் விரைவாக வெளியேறுவதால் அப்போதும் வளைவு மேலே எழும்பும்.

எனவே வளைவு வரைந்த தாளின் மூலையில் காற்றின் வெப்பநிலையையும், தெர்மிஸ்டர் தொங்கிய விதத்தையும், மின்விசிறி அணைந்திருந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். கணித்த புள்ளிக்கும் மீட்டர் காட்டும் புள்ளிக்கும் வேறுபாடு வந்தால், முதலில் பவர் சப்ளை மின்னழுத்தத்திலிருந்து மின்தடையத்தின் மின்னழுத்தத்தைக் கழித்து, தெர்மிஸ்டரின் மின்னழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இணைப்பிலோ அளவீட்டிலோ பிழை உள்ளது. வந்தால் சுமைக்கோடு சரி. அறையின் காற்று மாறியிருக்கிறது, வளைவைத்தான் மீண்டும் அளக்க வேண்டும்.