"சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று தொடங்கும் பதில்கள்

கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில், வாடிக்கையாளர்களுக்குப் போகும் பதில்களைப் படித்துத் திருத்துவது என் வேலை. நல்ல மனசோடு எழுதும் பிள்ளைகளின் பதில்கூட எப்படி எந்திரம் பேசியது மாதிரி ஆகிவிடுகிறது என்பதை ஒரே ஒரு புகாரை வைத்துச் சொல்கிறேன்.

பவானியிலிருந்து மாவு பாக்கெட் போட்டு விற்கும் ஒரு அம்மா, காலை 7:40-க்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதியிருந்தார்:

"நேத்து ராத்திரியிருந்து 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஓடலீங்க. மோட்டார் ம்ம்முனு சத்தம் மட்டும் போடுது, சுத்த மாட்டேங்குது. 12 கிலோ அரிசி ஊறப்போட்டது அப்படியே கெடக்குது. நாளைக்குக் காலையில 15 கடைக்கு மாவு போகோணும். ரெண்டு தடவ போன் பண்ணிட்டேன், யாரும் எடுக்கல."

எங்களிடமிருந்து முதலில் போன பதில்:

"அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். தங்கள் நிலைமையை எங்களால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது. எங்கள் குழு விரைவில் தங்களைத் தொடர்புகொள்ளும்."

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் இதை அப்படியே எடுத்து செல்போன் உடைந்தவருக்கும் அனுப்பலாம், கூரியர் வராதவருக்கும் அனுப்பலாம். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அந்த அம்மா திருப்பி எழுதியது ஒரே வரி: "அரிசி புளிச்சுப் போயிருமுங்க."

முதல் தவறு, "புரிகிறது" என்று எழுதுவது. புரிந்திருந்தால் என்ன புரிந்தது என்று சொல்லலாமே. அவர் நான்கு விஷயம் சொல்லியிருக்கிறார். அதில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது மோட்டார் சத்தம் இல்லை, ஊறிக்கொண்டிருக்கும் அரிசியும் காலையில் காத்திருக்கும் கடைகளும்தான். அந்த அரிசியைப் பதிலில் ஒரு தடவை சொன்னால் போதும், "புரிகிறது" என்ற சொல்லே தேவைப்படாது. இதைச் சொல்லிக்கொடுத்ததும் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். "தாங்கள் கூறியதன்படி தங்கள் கிரைண்டர் நேற்று இரவு முதல் இயங்கவில்லை, மோட்டாரில் சத்தம் வருகிறது" என்று புகாரை முழுசாகத் திருப்பி ஒப்பிக்கிறார்கள். அவர் எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுவதில் என்ன பயன்? அவருக்கு நஷ்டம் எதில் என்பதை மட்டும் எடுத்தால் போதும்.

இரண்டாவது தவறு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. எதற்கு மன்னிப்பு என்று தெரியாமல் கேட்பது. கிரைண்டர் ஏன் நின்றது என்று அந்த நேரத்தில் நமக்குத் தெரியாது. கண்டன்சர் போயிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம், உள்ளே ஏதாவது சிக்கியிருக்கலாம். ஆனால் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்காதது நம் தப்பு, அதில் சந்தேகமே இல்லை. "சிரமம் ஏற்பட்டது" என்று எழுதினால், அது தானாக வந்து விழுந்தது போல் இருக்கும். "நாங்க எடுக்கலை" என்று எழுதினால் ஒரு ஆள் பேசுகிறார் என்று தெரியும். மன்னிப்பை அந்த இடத்தில் ஒரு முறை வைத்துவிட்டு விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு மெசேஜிலும் வருந்திக்கொண்டே இருந்தால் ஐந்தாவது வருத்தத்தை யாரும் நம்புவதில்லை.

அப்புறம் "விரைவில்". ஊறிய அரிசிக்கு விரைவில் என்றால் மதியத்துக்குள், நம் அட்டவணைக்கு விரைவில் என்றால் இரண்டு நாள். மணி சொல்ல முடிந்தால் மணி சொல்லுங்கள். முடியாவிட்டால், எத்தனை மணிக்குள் விவரம் சொல்வீர்கள் என்றாவது சொல்லுங்கள்.

ஈரோட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் பேசிவிட்டு நாங்கள் இரண்டாவதாக அனுப்பிய பதில் இது:

"வணக்கம்ங்க. ரெண்டு தடவை கூப்பிட்டும் நாங்க எடுக்கலை, தப்பு எங்க மேல, மன்னிச்சுக்குங்க. முதல்ல சுவிட்சை அணைச்சுடுங்க. சத்தம் போட்டுட்டு சுத்தாம நின்னா மோட்டார் சூடாகி காயில் கருகிடும். பெரும்பாலும் கண்டன்சராத்தான் இருக்கும், பார்த்தாதான் உறுதியாச் சொல்ல முடியும். ஈரோட்டிலிருந்து மெக்கானிக் கண்டன்சரோட மதியம் 1 மணிக்குள்ள வருவார். அதுவரைக்கும் அரிசித் தண்ணியை மாத்திட்டு நிழல்ல வைங்க. 1 மணிக்கு வரலைன்னா நானே கூப்பிடறேன்."

வருத்தத்துக்கு இதில் ஒரே ஒரு வரிதான். ஆனாலும் படிக்கிறவருக்குத் தன் அரிசியைப் பற்றி இன்னொருவர் யோசித்திருக்கிறார் என்று தெரிகிறது. சுவிட்சை அணைக்கச் சொன்ன வரியை நான் முக்கியமாக நினைக்கிறேன். சிங்கிள் பேஸ் மோட்டாரில் கண்டன்சர் போனால் சத்தம் வரும், கிளம்பாது. அப்படியே கரண்ட்டில் விட்டால் சின்னச் செலவில் முடிய வேண்டியது காயில் கட்டும் செலவாகிவிடும். அக்கறை அந்த வரியில்தான் இருக்கிறது. பொருளைப் பற்றித் தெரியாதவர் எழுதும் பதிலில் இரக்கச் சொற்கள் அதிகமாவதற்குக் காரணமும் இதுதான். சொல்ல வேறு விஷயம் இல்லாதபோது வருத்தம் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது.

இரக்கத்தில் அளவு மீறி வாக்குக் கொடுப்பதும் உண்டு. இந்தப் பதிலின் முதல் வரைவில், "பக்கத்தில் கூலிக்கு அரைத்துக்கொள்ளுங்கள், பணத்தை நாங்கள் தருகிறோம்" என்று ஒரு வரி இருந்தது. எழுதிய பெண்ணுக்கு நல்ல மனசு, ஆனால் அதற்கு மேலதிகாரி அனுமதி வேண்டும், அது கையில் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டோம். பிறகு பணம் வரவில்லை என்றால் அது இன்னொரு புகாராகும்.

இனி நம் ஊர்ப் பேச்சைப் பற்றி. எழுத்தில் "தங்கள், தங்களது" என்று அடுக்கினால் வங்கி நோட்டீஸ் வாசனை வந்துவிடுகிறது. அதைத் தவிர்க்க நினைத்து, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பி எல்லாப் பதிலையும் "ஏனுங்க" என்று தொடங்கினார். கொங்குக்காரர் காதில் அது நம்மைக் கேலி செய்வது போல விழும். "சரிங்க", "வணக்கம்ங்க" என்று வாயில் இயல்பாக வரும் இடத்தில் "ங்க" இருந்தால் போதும், சொல்லுக்குச் சொல் ஒட்ட வேண்டாம். "அக்கா", "அண்ணா" என்று அழைப்பதையும் நாமாக எழுத்தில் தொடங்காமல் இருப்பது நல்லது. போனில் அவர் "தம்பி" என்று கூப்பிட்டால், பதிலுக்கு "சொல்லுங்கக்கா" என்பது தானாக வரும், அது அழகாகவும் இருக்கும். பெயரின் முதலெழுத்தை மட்டும் பார்த்து "சார்" போட்டு, எதிரில் பெண் குரல் கேட்டுத் திகைத்த கதை எங்கள் அலுவலகத்தில் நிறைய.

மெக்கானிக் 12:40-க்குப் போய்ச் சேர்ந்தார். கண்டன்சர்தான் போயிருந்தது. வேலை முடிந்ததும் வழக்கமாகப் போவது, "வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா? எங்கள் சேவையை மதிப்பிடவும்" என்ற வரி. அன்றைக்கு அதை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை 9 மணிக்கு ஒரு கேள்வி மட்டும் அனுப்பச் சொன்னேன்: "மாவு கடைக்கெல்லாம் போயிருச்சுங்களா?"

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "15 கடைக்கும் போயிருச்சுங்க. கொஞ்சம் புளிப்பு ஏறிப்போச்சு, தோசைக்கு நல்லாருக்கும்னு சொல்லிக் குடுத்துட்டேன். புதுக் கண்டன்சருக்கு வாரண்டி எத்தனை மாசமுங்க?"