2,40,000 சொன்ன வேலைக்கு 1,00,000 தான் இருக்கிறதென்றால்: வேலையைக் குறைத்துக் கொடுக்கும்போது விடும் தவறுகள்

நிலாவெளியில் 8 அறை உள்ள விருந்தினர் விடுதி ஒன்றுக்கு இணையத்தளம் செய்ய 2,40,000 ரூபாய்க்குக் கொட்டேசன் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் வட்ஸ்அப்பில், "தம்பி, என்னட்ட 1 லட்சம்தான் இருக்கு. மே மாதம் சீசன் தொடங்க முதல் வேணும்" என்கிறார். இந்த இடத்தில்தான் திருகோணமலையில் தனியாகத் தொழில் செய்யும் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, அதே வேலையை 1,60,000க்குச் செய்து தருகிறேன் என்பது. அப்படிச் சொன்ன அந்த நிமிடமே முதல் விலை பொய்யாகிவிடுகிறது. அவரிடம் இருப்பது 1 லட்சம் என்பதால் அதுவும் அவருக்குக் கட்டாது, இன்னும் குறைக்கச் சொல்லி அடுத்த செய்தி வரும். விலையைத் தொடாமல் வேலையைத் தொடுங்கள். மணித்தியாலத்துக்கு 3,000 என்றால் கடைசிவரை 3,000 தான்.

அதற்கு உங்கள் கொட்டேசன் மணித்தியாலமாகப் பிரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன வேலை 80 மணித்தியாலம்: பேசித் திட்டமிட 6, வடிவமைப்பு 16, 7 பக்கங்கள் 14, அறை முன்பதிவும் கட்டணம் செலுத்தும் வசதியும் 24, படம் எடுத்தல் 8, சோதித்து ஏற்றுதல் 8, பயிற்சி 4. 1 லட்சத்துக்குள் நிற்பது 33 மணித்தியாலம்.

இரண்டாவது தவறு, சின்னச் சின்னதாக நறுக்குவது. 7 பக்கத்தை 4 ஆக்கினால் மிஞ்சுவது 6 மணித்தியாலம், அதாவது 18,000. விலை 2,22,000இல் நிற்கும். நேரத்தைத் தின்னும் பெரிய துண்டைத்தான் எடுக்க வேண்டும். எது அந்தத் துண்டு என்று நீங்களாக முடிவெடுக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, இந்தச் சீசனுக்கு இந்தத் தளம் உங்களுக்கு என்ன ஒன்றைச் செய்து தந்தால் போதும்?" "கூகிளில் தேடுற ஆக்கள் நேரே எனக்கு மெசேஜ் போட்டால் காணும்" என்றால், முன்பதிவு வசதி இந்த வருடம் தேவையில்லை. 24 மணித்தியாலம் போய், விசாரணைப் படிவமும் வட்ஸ்அப் பொத்தானும் 3 மணித்தியாலத்தில் முடியும். ஆயத்த வடிவமைப்பு எடுத்தால் 16க்குப் பதில் 7. படங்களை அவரே தந்தால், தெரிவுசெய்து சரிப்படுத்த 2. நான்கு பக்கம் 8, திட்டமிட 5, சோதித்து ஏற்ற 6, பயிற்சி 2. மொத்தம் 33 மணித்தியாலம், 99,000 ரூபாய்.

சோதனையை 6க்குக் கீழே குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்ஜெட் இறுகியதும் பலர் சத்தமில்லாமல் வெட்டுவது இதைத்தான். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாததால் வெட்டுவது சுலபம். ஆனால் படிவத்தில் வரும் மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் போய் விழுந்தால், சீசன் பாதி போகும்வரை ஒருவருக்கும் தெரியாது. வெளியே ஒரு ஜிமெயில் முகவரியை வைத்து அனுப்பிப் பார்த்து, பதில் வந்த பிறகுதான் தளத்தை ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது தவறுதான் அதிகச் சண்டையைக் கொண்டுவருகிறது: எதெல்லாம் இல்லை என்பதை எழுதாமல் விடுவது. சேர்ந்தவற்றை மட்டும் எழுதினால், பழைய கொட்டேசனில் இருந்ததெல்லாம் இன்னும் இருக்கிறது என்றே அவர் நினைப்பார். இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் அண்ணா. 1 லட்சத்துக்குள் செய்யக்கூடிய மாதிரி வேலையைக் குறைத்து அனுப்புகிறேன்: 99,000. 4 பக்கங்கள், விசாரணைப் படிவம், வட்ஸ்அப் பொத்தான். இதில் இல்லாதவை: அறை முன்பதிவு, கட்டணம் செலுத்தும் வசதி, படம் எடுத்தல். எந்த அறை எந்தத் திகதிக்கு என்பதை நீங்கள்தான் உங்கள் பதிவில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 20 படங்கள் மார்ச் 15க்குள் வேண்டும். டொமைன், ஹோஸ்டிங் கட்டணம் வருடாவருடம் உங்கள் பெயரில் தனியே. முழு வேலையும் வேண்டுமென்றால் பழைய விலை 2,40,000 அப்படியே. இரண்டும் 14 நாளுக்குச் செல்லும்."

அறை விடயத்தை ஒரு தனி வசனமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் குற்றம் தளத்தின் தலையில்தான் விழும். படத்துக்குத் திகதி போட்டதும் அதே மாதிரித்தான். அவர் தர வேண்டியது பிந்தினால் தளம் முடிவதும் பிந்தும், அந்தத் திகதி முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

"முன்பதிவைப் பிறகு சும்மா போட்டுத் தாறன்" என்று வாய்தவறியும் சொல்ல வேண்டாம். ஆயத்த வடிவமைப்பின் மேல் அதைப் பிறகு பொருத்தினால் 24 மணித்தியாலம் 30 ஆகலாம். அன்றைய விலைக்குத் தனிக் கொட்டேசன் என்று இப்போதே சொல்லுங்கள்.

99,000ஐயும் குறைக்கக் கேட்டால் இன்னொரு துண்டைக் கழற்றுங்கள்: ஒரே பக்கம், படிவம் இல்லை, வட்ஸ்அப் பொத்தான் மட்டும். திட்டமிடல், ஏற்றுதல், சோதனை எதையும் விட முடியாததால் அதுவும் 20 மணித்தியாலத்துக்குக் கீழ் போகாது. 60,000க்குக் கீழே கேட்டால், கூகிள் வரைபடத்தில் விடுதியின் விவரத்தை அவரே இலவசமாகப் பதியலாம் என்று வழிகாட்டிவிட்டு, இந்த வேலையை எடுக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.