செப்பின் இலத்திரன் வெப்பக் கொள்ளளவைப் பிரித்தெடுத்தல்: நேர்கோட்டை எந்த வெப்பநிலையில் நிறுத்துவது?

உலோகம் ஒன்றின் வெப்பக் கொள்ளளவில் இலத்திரன்களுக்கு உரிய பங்கு வெப்பநிலைக்கு நேர்விகிதமாகவும், அணிக்கோவை அதிர்வுகளுக்கு உரிய பங்கு மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளில் வெப்பநிலையின் மூன்றாம் அடுக்குக்கு விகிதமாகவும் அமைகின்றன. ஆகவே C ஐ T ஆல் வகுத்து T² க்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும் என்பதும், அதன் வெட்டுத்துண்டே γ என்பதும் எல்லாப் பாடநூல்களிலும் இருப்பவை.

```
C = γT + AT³
C/T = γ + A·T²
```

அந்தக் கோட்டை எந்த வெப்பநிலை வரை வரையலாம் என்ற ஒன்றைத்தான் எனக்கு யாரும் அழுத்திச் சொல்லித் தரவில்லை. முதுகலைப் படிப்பின்போது செப்பின் தரவுகளைக் கொண்டு நான் முதன்முறை இதைச் செய்தபோது, ஏற்றுக்கொள்ளப்பட்ட பெறுமானத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவான γ கிடைத்தது. கோடு புள்ளிகளின்மேல் அழகாகப் படிந்திருந்ததால் பிழை வேறெங்கோ இருப்பதாக எண்ணிப் பல நாள்களைச் செலவிட்டேன். இப்போது கிளிநொச்சியில் சில பட்டதாரி மாணவர்களுக்கு இதைக் கற்பிக்கும்போது அவர்களும் அதே இடத்தில் தடுக்கி விழுவதைக் கண்டதனால் இதை எழுதுகிறேன்.

வன்னியில் திரவ ஹீலியம் வைத்து அளக்கும் வசதி எமக்கு இல்லை. ஆனால் செப்பு, தாழ்வெப்பநிலைக் கலோரிமானிகளைச் சரிபார்க்கும் நியமப் பொருளாக நெடுங்காலம் பயன்பட்டுவருவதால், அதன் வெப்பக் கொள்ளளவுக்கு நம்பத்தகுந்த ஒரு சமன்பாடு உண்டு. ஆஸ்போர்ன், ஃப்ளோட்டோ, ஷ்ரைனர் ஆகிய மூவரும் 1967 இல் வெளியிட்ட அந்தச் சமன்பாடு 1 முதல் 25 கெல்வின் வரை பொருந்தும். அதிலிருந்து தரவுகளை உருவாக்கினால் சரியான விடை 0.694 என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும். எமது பகுப்பாய்வு எவ்வளவு விலகுகிறது என்பதையும் ஐயமின்றிப் பார்க்கலாம். இங்கு γ இன் பெறுமானங்கள் அனைத்தும் ஒரு மூலுக்கு, கெல்வின் வர்க்கத்துக்கு, மில்லியூலில் தரப்பட்டுள்ளன.

முதலாவது படி: தரவு அட்டவணை

நான் லிப்ரெஆபிஸ் கல்க் விரிதாளையே விரும்புகிறேன். பைதனில் இரண்டு வரிகளில் முடிந்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் தொடக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு கலத்தையும் கண்ணால் பார்ப்பது நல்லது, ஏனெனில் பிழை எட்டிப்பார்க்கும் இடம் அந்தக் கலங்கள்தான். A நிரலில் வெப்பநிலைகளாக 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15 ஆகியவற்றை இரண்டாம் வரியிலிருந்து இடுங்கள். B நிரலில் அவற்றின் வர்க்கத்தையும் C நிரலில் கீழ்வரும் வாய்பாட்டையும் இடுங்கள்; இது C/T ஐ நேரடியாகத் தரும்.

```
=0.69434+0.047548*B2+1.6314E-6*B2^2+9.4786E-8*B2^3-1.3639E-10*B2^4+5.3898E-14*B2^5
```

2 கெல்வினில் 0.8846, 6 கெல்வினில் 2.412, 15 கெல்வினில் 12.24 என வந்தால் வாய்பாட்டைச் சரியாக இட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது படி: கோட்டைப் பொருத்துதல்

```
=INTERCEPT(C2:C10;B2:B10)
=SLOPE(C2:C10;B2:B10)
```

(முல்லைத்தீவிலிருந்து ஒரு மாணவி இது பிழைச் செய்தி தருவதாக எழுதியிருந்தார். கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து அரைப்புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இட வேண்டியிருக்கும்; அவருக்கு அப்படி மாற்றியதும் சரியானது.)

மூன்றாவது படி: நான் தடுக்கி விழுந்த இடம்

ஒன்பது புள்ளிகளையும் சேர்த்துப் பொருத்தினால் வெட்டுத்துண்டு 0.594 என வருகிறது. உண்மைப் பெறுமானம் 0.694 ஆதலால் பிழை நூற்றுக்கு 14 அளவில் இருக்கிறது. ஆனால் பொருத்தத்தின் தரத்தைக் காட்டுவதாக நாம் நம்பும் R² ஐக் கணித்தால் 0.9992 கிடைக்கிறது. அந்த எண்ணைப் பார்த்த எவரும் கோட்டில் குறை இருப்பதாக ஐயுற மாட்டார், நானும் ஐயுறவில்லை. R² அளப்பது முழு வீச்சில் C/T எவ்வளவு மாறுகிறது என்பதோடு ஒப்பிட்டால் விலகல் எவ்வளவு சிறியது என்பதை மட்டுமே. இங்கு C/T ஏறத்தாழ 0.9 இலிருந்து 12 வரை ஏறுகிறது. நாம் தேடும் பெறுமானமோ அந்த வீச்சின் அடியில், ஒன்றுக்கும் குறைவாகக் கிடக்கிறது. 0.1 அளவிலான விலகல் 12 க்கு முன்னால் ஒன்றுமில்லை, 0.69 க்கு முன்னால் மிகப் பெரிது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி, ஒவ்வொரு புள்ளிக்கும் அளவிட்ட பெறுமானத்திலிருந்து கோட்டின் பெறுமானத்தைக் கழித்து மீதியைத் தனியாக வரைவதே ஆகும். 2 கெல்வினில் மீதி +0.086, 10 கெல்வினில் −0.146, 15 கெல்வினில் +0.170. இரு முனைகளிலும் நேராகவும் நடுவில் மறையாகவும் மீதி அமைந்தால் தரவு மேல்நோக்கி வளைகிறது என்பது பொருள். வளைந்த தரவின்மேல் நேர்கோட்டைத் திணிக்கும்போது, உயர் வெப்பநிலைப் புள்ளிகள் படித்திறனைக் கூட்டி, மறுமுனையில் வெட்டுத்துண்டைக் கீழே இழுத்துவிடுகின்றன. அளவீட்டுப் பிழையாயின் மீதிகள் ஒழுங்கின்றி மேலும் கீழும் சிதறியிருக்கும். வில்போன்ற ஒழுங்கு தோன்றினால் பொருத்திய வாய்பாடுதான் போதவில்லை.

வளைவுக்குக் காரணம் அணிக்கோவை அதிர்வுகளே. இலத்திரன்களுக்கு அதில் பங்கில்லை. மூன்றாம் அடுக்கு விதி நீண்ட அலைநீள ஒலியலைகளுக்கு மட்டுமே சரியாகப் பொருந்தும். வெப்பநிலை ஏற ஏறக் குறுகிய அலைநீள அதிர்வுகளும் கிளர்கின்றன. அவற்றுக்கு அதிர்வெண்ணும் அலையெண்ணும் நேர்விகிதத்தில் இல்லாமையால் T⁵, T⁷ ஆகிய உறுப்புகள் தலைகாட்டுகின்றன.

நான்காவது படி: மேல் எல்லையைக் குறைத்துக்கொண்டே வருதல்

கீழ் எல்லையை 2 கெல்வினிலேயே வைத்து, மேலிருந்து ஒவ்வொரு புள்ளியாக நீக்கிப் பொருத்துங்கள். 15 கெல்வின் வரை 0.594, 12 வரை 0.658; 10 வரை 0.678, 8 வரை 0.688, 6 வரை 0.693. மாற்றம் ஒவ்வொரு முறையும் சிறுத்து, பெறுமானம் ஓரிடத்தில் அமர்கிறது. அது அமரும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். மூன்றாம் அடுக்கு விதி டிபாய் வெப்பநிலையின் ஐம்பதில் ஒரு பங்குக்குக் கீழேதான் செல்லும் என்று பொதுவாகச் சொல்வார்கள். செப்புக்கு அது ஏறத்தாழ 7 கெல்வின், எமது அட்டவணையும் அதையே காட்டுகிறது. ஆயினும் விதியை நம்பி நிறுத்துவதைவிட, இவ்வாறு நீக்கிப் பார்த்து நிறுத்துவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் எல்லா உலோகங்களும் அந்த ஐம்பதில் ஒரு பங்கை மதிப்பதில்லை.

உண்மையான அளவீடுகளில் சிதறல் இருப்பதனால் புள்ளிகள் குறையக் குறைய வெட்டுத்துண்டின் நிச்சயமின்மை கூடும். ஆகவே ஒரு புள்ளியை நீக்குவதால் γ மாறும் அளவு அந்த நிச்சயமின்மையைவிடச் சிறிதாகும்போது நிறுத்திவிடலாம்.

கோட்டைக் குறுக்குவதற்குப் பதிலாக T⁵ உறுப்பையும் சேர்த்துப் பொருத்தினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். γ ஐ மட்டும் தேடுபவருக்கு அது உதவலாம். ஆனால் செப்பில் 10 கெல்வினிலேயே T⁷ உறுப்பு T⁵ உறுப்பைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்காக இருக்கிறது. எனவே அப்படிப் பொருத்திப் பெறும் T⁵ குணகத்துக்குப் பௌதிகப் பொருள் எதையும் கொடுக்காதீர்கள். நான் குறுக்குவதையே விரும்புகிறேன்.

ஐந்தாவது படி: எண்களைச் சரிபார்த்தல்

6 கெல்வின் வரையிலான பொருத்தத்தில் படித்திறன் 0.0477 மில்லியூல். டிபாய் வெப்பநிலையைக் கீழ்வருமாறு பெறலாம். இங்கு A யூலில் இருக்க வேண்டும்.

```
θ³ = 1943.8 / A
A = 4.77×10⁻⁵  →  θ ≈ 344 K
```

மில்லியூலை மாற்ற மறந்தால் விடை 34.4 என, மிகச் சரியாகப் பத்து மடங்கு குறைந்து வரும். அதைக் கண்டதும் காரணம் புரிந்துவிடும். சேர்வைகளுக்கு, ஒரு வாய்பாட்டு அலகில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையால் 1943.8 ஐப் பெருக்க வேண்டும்.

γ ஐச் சரிபார்க்கச் சுயாதீன இலத்திரன் மாதிரி உண்டு. வெப்பச் சக்தியைப் பெறக்கூடியவை பெர்மி மட்டத்தை ஒட்டி kT அகலத்துக்குள் உள்ள இலத்திரன்கள் மட்டுமே. அவற்றின் தொகையும் ஒவ்வொன்றும் பெறும் சக்தியும் T உடன் ஏறுவதால் மொத்தச் சக்தி T² ஆகவும் கொள்ளளவு T ஆகவும் அமைகின்றன. அணுவுக்கு ஓர் இலத்திரன் எனக் கொண்டால் γ = π²R/2T_F. செப்பின் பெர்மி வெப்பநிலை ஏறத்தாழ 81 600 கெல்வின் ஆதலால் 0.50 கிடைக்கிறது. அளவிட்ட பெறுமானம் அதைப்போல் 1.38 மடங்கு, இலத்திரன்கள் அணிக்கோவையோடு இடைத்தாக்கம் புரிவதால் அவற்றின் விளைவுறு திணிவு கூடியிருப்பதை இது காட்டுகிறது. என் பழைய 0.594 ஐ வைத்து இந்த விகிதத்தைக் கணித்திருந்தால் 1.2 என வந்திருக்கும். அதுவும் நம்பக்கூடியதாகவே தோன்றியிருக்கும் என்பதுதான் கவலைக்குரியது.

அறை வெப்பநிலையில் இதை ஏன் அளக்க இயலாது என்பதும் இதே எண்ணிலிருந்து தெரியும். 300 கெல்வினில் இலத்திரன் பங்கு 0.21 யூல், மொத்தமோ ஏறத்தாழ 24.4 யூல். இரு பங்குகளும் சமமாவது 3.8 கெல்வினில்தான்.

பின்னர் சேர்த்தது

ஆய்வுகூடத்தில் உண்மையாகவே அளக்கப்போகும் ஒருவர், மாதிரியைத் தாங்கும் மேடையினதும் அதை ஒட்டும் கிரீசினதும் கொள்ளளவைக் கழிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். 1 கிராம் செப்பின் கொள்ளளவு 2 கெல்வினில் 28 மைக்ரோயூல் மட்டுமே. அந்த அளவில் சிறு துளி கிரீசும் கணக்கில் வரும். மாதிரி இல்லாமல் முதலில் அளந்து, அதே கிரீசின்மேல் மாதிரியை வைத்து மீண்டும் அளக்க வேண்டும். இடையில் கிரீசைத் துடைத்துப் புதிதாக இட்டால் கழித்தல் பொருளற்றதாகிவிடும்.

இன்னொருவர் அலுமினியத்தின் தரவைப் பொருத்தியபோது மிகத் தாழ்ந்த வெப்பநிலைப் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே சரிந்து விழுவதாக எழுதினார். அலுமினியம் 1.18 கெல்வினுக்குக் கீழே மீகடத்தியாகிறது. அதன்பின் இலத்திரன் பங்கு நேர்விகித விதியை விட்டு அடுக்குக்குறி முறையில் விரைந்து குறையும். அந்தப் புள்ளிகளை நீக்க வேண்டும், அல்லது மீகடத்து நிலையைக் கலைக்கப் போதிய காந்தப்புலத்தில் அளந்த தரவைப் பயன்படுத்த வேண்டும். மாறாக, கீழ் முனையில் C/T மேல்நோக்கித் திரும்பினால் மாதிரியில் காந்தத் தன்மையுள்ள மாசு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தத் திருப்பத்தையும் சேர்த்துப் பொருத்தினால் γ உண்மையைவிடக் கூடுதலாக வரும்.