ட்ரெய்லர் விளம்பரத்தை எதைக்கொண்டு அளப்பது?

ஒவ்வொரு ட்ரெய்லர் விளம்பரத்துக்கும் படத்தை நினைவூட்டுமாறு தொலைபேசி எண்ணைப் பதிவதற்கான தனித்தனி இணைப்பைக் கொடுத்து, அதில் பதிவுசெய்தவர்களின் எண்களைப் படம் வெளியாகும் வாரத்தின் வெள்ளி முதல் ஞாயிறு வரையான காட்சிகளின் முன்பதிவுகளுடன் ஒப்பிடுங்கள். பார்வை எண்ணிக்கையை மட்டும் நம்ப இயலாது. யாழ்ப்பாணத் திரையரங்குக்கு வரவே முடியாத ரொறன்ரோ, இலண்டன் உறவுகளும் அதில் அடங்குவர். எடுத்துக்காட்டாக, தலா 20,000 ரூபாய் செலவான இரண்டு விளம்பரங்களில், 40,000 பார்வைகள் பெற்றது 200 பதிவுகளையும் 50 முன்பதிவுகளையும், 15,000 பார்வைகளே பெற்றது 250 பதிவுகளையும் 100 முன்பதிவுகளையும் தந்திருந்தால், ஒரு முன்பதிவுக்கான செலவு முறையே 400, 200 ரூபாய் ஆகும். அடுத்த படத்துக்குப் பின்னதைப் போன்ற விளம்பரமே உகந்தது. எனினும், பெரிய நடிகரின் படத்துக்கு விளம்பரம் பாராதவர்களும் முன்பதிவு செய்வார்கள் என்பதாலும், கவுண்டரில் நேரடியாக டிக்கெட் வாங்குபவர்கள் மிகுந்த அரங்குகளில் அவர்களின் எண்கள் பதிவாவதில்லை என்பதாலும், இவ்விரு நிலைகளிலும் இக்கணக்கு பொருந்தாது.